"நைட் ஜாப் புட்டுக்கிச்சு": போலந்துக்கு இதை எப்படி எழுதுவது?

சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் அணி, ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் பில்லிங் வேலையைக் கவனித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றன்றைய இன்வாய்ஸ்கள் எல்லாம் இரவில் மொத்தமாக டேட்டாபேஸில் ஏற வேண்டும். அதைச் செய்யும் புரோகிராமை 'ஜாப்' என்பார்கள். அது முழுதாக ஓடி முடித்தால்தான் போலந்து அலுவலகத்தில் இருப்பவர்கள் காலையில் கணக்கு ரிப்போர்ட் எடுக்க முடியும். கோடைக்கால நாள் ஒன்றில், சென்னையில் விடிந்து ஆறே முக்கால் மணி. இரவு ஷிஃப்ட் முடிக்கப்போகிறவரும் காலை ஷிஃப்ட்டுக்கு வருகிறவரும் சாட்டில் பேசிக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான உரையாடல்களைப் படித்த பழக்கத்தில் நான் மாதிரிக்காகத் தொகுத்தது இது. அவர்கள் ரோமன் எழுத்தில் தட்டுவார்கள். படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

"மச்சி, நைட் ஜாப் புட்டுக்கிச்சு."

"எது டா, இன்வாய்ஸா?"

"ஆமா, பாதில நின்னுடுச்சு. ஒரு ரெண்டு லட்சம் ரெக்கார்ட் போயிருக்கும். மீதி போகல."

"டிஸ்க் ஃபுல்லா இருக்கும். போன மாசமும் இதே கதைதான்."

"க்ளியர் பண்ணியாச்சு. ரீரன் போட்டிருக்கு."

"டூப்ளிகேட் வராதுல்ல?"

"வராதுன்னு நினைக்கிறேன். அண்ணா பாத்துட்டு சொல்றேன்னாரு."

"போலந்துக்காரங்களுக்குச் சொல்லிடு, காலைல ரிப்போர்ட் எடுக்க வேணாம்னு."

"சரி. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."

இந்தப் பேச்சில் எந்தக் குறையும் இல்லை. ஒன்பது வரியில் இருவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. எந்த சர்வர், எந்த டிஸ்க், அண்ணா என்றால் யார், க்ளியர் செய்தது யார் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை, ஏனென்றால் இருவருக்கும் தெரியும். ஆனால் இதே செய்தி இப்போது போலந்துக்கும், அதே திட்டத்தில் வேலை செய்யும் பிரேசில் அணிக்கும் ஆங்கிலத்தில் போக வேண்டும். அவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. நம்மைப்போலவே படித்துக் கற்றுக்கொண்டவர்கள்.

சொல்லுக்குச் சொல் மாற்றினால் என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம். அவசரத்தில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். 'ரெண்டு லட்சம் ரெக்கார்ட் போயிருக்கும்' என்பது 'டூ லாக் ரெக்கார்ட்ஸ் ஹேவ் கான்' என்று மெயிலில் ஏறும். நம் ஆள் சொல்ல வந்தது, அத்தனை ரெக்கார்டுகள் ஒழுங்காக உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டன என்பது. ஆங்கிலம் படிக்கிறவருக்கு 'கான்' என்றால் தொலைந்துவிட்டது, இனி இல்லை. வார்ஸாவில் கண் விழித்து மெயிலைத் திறக்கும் கணக்குப் பிரிவு மேலாளர், இரண்டு 'லாக்' இன்வாய்ஸ் அழிந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார். 'லாக்' என்பது எவ்வளவு என்றும் அவருக்குத் தெரியாது. லட்சத்தை 2,00,000 என்று நாம் இடும் காற்புள்ளியும் அவருக்குத் தட்டச்சுப் பிழைபோலத்தான் தெரியும். 200,000 என்று எழுதினால்தான் எண் எண்ணாகப் படும்.

அடுத்தது 'டிஸ்க் ஃபுல்லா இருக்கும்'. இதை 'தி டிஸ்க் வில் பி ஃபுல்' என்று எழுதிவிட்டால், டிஸ்க் இனிமேல்தான் நிறையப்போகிறது என்று ஆகிவிடும். தமிழில் 'இருக்கும்' எதிர்காலத்தை மட்டும் காட்டுவதில்லை. 'வண்டி இந்நேரம் தாம்பரம் தாண்டியிருக்கும்' என்று சொல்லும்போது நாம் கண்ணால் பார்க்காததை ஊகித்துச் சொல்கிறோம். டிஸ்க் விஷயமும் அப்படித்தான். சொன்னவர் பார்க்கவில்லை, போன மாத அனுபவத்தை வைத்துச் சொல்கிறார். ஆகவே நேர்மையான ஆங்கிலம், 'காரணம் டிஸ்க் நிறைந்ததாக இருக்கலாம், இன்னும் உறுதி செய்யவில்லை' என்ற பொருளில் அமைய வேண்டும். இல்லாவிட்டால் பார்த்து உறுதி செய்துகொண்டு அப்புறம் எழுத வேண்டும். இரண்டாவது வழி பெரும்பாலும் இரண்டு நிமிட வேலைதான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இது. தங்கிலீஷிலிருந்து முறையான ஆங்கிலத்துக்குப் போகும்போது கஷ்டம் கொடுப்பவை தமிழ்ச் சொற்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பேச்சில் பெயர்ச்சொற்கள் எல்லாம் ஏற்கெனவே ஆங்கிலம்தான்: ஜாப், ரெக்கார்ட், டிஸ்க், ரீரன், டூப்ளிகேட், ரிப்போர்ட். அவற்றை யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். தமிழாக இருப்பவை வினைகளின் வால்கள். பண்ணியாச்சு, போட்டிருக்கு, வராதுல்ல, சொன்னாராம், பாத்துடலாம். யார் செய்தார், செய்து முடிந்ததா நடந்துகொண்டிருக்கிறதா, சொல்பவர் பார்த்தாரா கேள்விப்பட்டாரா, வாக்குக் கொடுக்கிறாரா யோசனை சொல்கிறாரா என்ற செய்திகள் முழுக்க அந்த வாலில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஏற்றும்போது பெயர்ச்சொல் பத்திரமாகப் போய்ச் சேர்கிறது, வால் அறுந்துவிடுகிறது.

'க்ளியர் பண்ணியாச்சு' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தது என்பதை அழுத்தமாகச் சொல்கிறது, செய்தவரைச் சொல்லவே இல்லை. வீட்டில் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கும்போது அது கனிவு. உற்பத்தியில் ஓடும் சர்வரில் யாரோ எதையோ அழித்திருக்கும்போது, 'இட் வாஸ் க்ளியர்டு' என்று மட்டும் எழுதினால் எதிரே இருப்பவருக்கு நான்கு கேள்விகள் எழும். யார் அழித்தார், எதை, யாரைக் கேட்டு, மறுபடி மீட்க முடியுமா. ஆளின் பெயரைப் போட வேண்டியதில்லை. குற்றம் சாட்டுகிற தொனி வராமலிருக்க, பணியின் பெயரைப் போடுவதே நல்லது: 'இரவுப் பொறுப்பில் இருந்த எஞ்சினியர், பழைய லாக் ஃபைல்களை நீக்கி இடம் உண்டாக்கினார்.' இப்போது செய்தவர் இருக்கிறார், செய்த காரியம் இருக்கிறது, நீக்கியவை இன்வாய்ஸ் ஃபைல்கள் இல்லை என்ற நிம்மதியும் இருக்கிறது.

ரோமன் எழுத்தில் தட்டுவதால் வேறு ஒரு சிக்கல் சேர்கிறது. panniten என்றால் நான் செய்துவிட்டேன். pannitan என்றால் அவன் செய்துவிட்டான். ஓர் எழுத்துதான் வித்தியாசம். வேகமாகத் தட்டும் விரலும், தானாகத் திருத்தும் கைபேசியும் அந்த ஓர் எழுத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றிவிடும். அதுபோலவே pannittu iruken என்றால் வேலை நடக்கிறது, pannitten என்றால் முடிந்தது. சாட்டை ஆங்கிலமாக்கி அனுப்பும் பொறுப்பில் இருப்பவர், செய்தவர் யார் என்பதை எழுத்தை வைத்து ஊகிக்கக் கூடாது. "நீ பண்ணியா, அவரா?" என்று ஒரு வரி கேட்டுவிட வேண்டும்.

'நாங்க', 'நாம' இரண்டும் ஆங்கிலத்தில் 'வீ' ஆகிவிடுகின்றன. 'இதை நாங்க பாத்துக்கறோம்' என்றால் கேட்பவருக்கு அதில் வேலை இல்லை. 'நாம பாத்துக்கலாம்' என்றால் அவருக்கும் பங்கு உண்டு. இரண்டையும் 'வீ வில் டேக் கேர்' என்று எழுதினால், போலந்து அணி சென்னை பார்த்துக்கொள்ளும் என்றும், சென்னை அணி போலந்தும் சேர்ந்து பார்க்கும் என்றும் நினைத்துக்கொண்டு இருவரும் சும்மா இருக்க நேரும். 'வீ' வருகிற இடத்தில் எல்லாம், பல நாட்டவர் படிக்கும் மெயில் என்றால், அணியின் பெயரை எழுதுவது நல்ல வழக்கம். சென்னை சப்போர்ட் அணி, வார்ஸா கணக்கு அணி என்று எழுதினால் வாக்கியம் கொஞ்சம் நீளும், நீளட்டும்.

'லாம்' என்ற விகுதி இன்னும் வழுக்கும். 'மாலைக்குள்ள முடிச்சிடலாம்' என்று ஒருவர் சொன்னால் அது முடியும் என்ற நம்பிக்கையா, முடிப்போம் என்ற வாக்கா, முடிக்கலாமே என்ற யோசனையா? நமக்குள் குரலும் ஆளும் பழக்கமும் சேர்ந்து பொருளைக் காட்டிக்கொடுக்கும். எழுத்தில் அது கிடையாது. 'வில் பி கம்ப்ளீட்டட் பை ஈவ்னிங்' என்று எழுதிய நொடியிலேயே அது வாக்காகிவிடுகிறது. மறுநாள் கூட்டத்தில் அதே வரியைத் திரையில் காட்டிக் கேட்பார்கள். 'முடிச்சிடறேன்' என்று வந்திருந்தால் வாக்கு என்று எழுதலாம். 'முடிச்சிடலாம்' என்றால், சொன்னவரைக் கேட்டு ஒன்று வாக்காக்க வேண்டும், இல்லை மதிப்பீடு என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

தமிழ்நாட்டுக்காரர்களிடம் உள்ள ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 'டிஸ்க் மாத்திட்டாங்களாம்' என்பதில் உள்ள 'ஆம்', நான் பார்க்கவில்லை, அவர்கள் சொன்னார்கள் என்று கச்சிதமாகச் சொல்கிறது. இதைப் பல்லாண்டுகளாக நாம் ஆங்கிலத்தில் 'இட் சீம்ஸ்' என்று வாக்கியக் கடைசியில் ஒட்டி வருகிறோம். 'தே சேஞ்ட் தி டிஸ்க் இட் சீம்ஸ்.' சென்னைக்காரர் ஒருவர் படித்தால் கேள்விப்பட்ட செய்தி என்று உடனே புரிந்துகொள்வார். போலந்துக்காரருக்கு 'சீம்ஸ்' என்றால் அப்படித் தோன்றுகிறது, நிச்சயமில்லை என்று பொருள். நம்பத் தகுந்த ஆள் சொன்ன செய்தி சந்தேகத்துக்குரியதாக மாறிவிடும். செய்தி யாரிடமிருந்து வந்ததோ அவரை எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது: 'டிஸ்க்கை மாற்றிவிட்டதாக சர்வர் அணி எங்களிடம் தெரிவித்தது.'

இனி நம் ஒன்பது வரிக்கு வருவோம். மெயில் எழுத உட்கார்ந்தவர் முதலில் விசைப்பலகையைத் தொடக் கூடாது, சாட்டிலேயே சில கேள்விகள் கேட்க வேண்டும். மொத்தம் எத்தனை இன்வாய்ஸ் ஏற வேண்டியிருந்தது, சரியாக எத்தனை ஏறியது? பதில் வருகிறது: 3,40,000-ல் 2,12,418. மூல ஃபைல் பத்திரமாக இருக்கிறதா? இருக்கிறது, யாரும் தொடவில்லை. டிஸ்க் நிறைந்தது ஊகமா, பார்த்ததா? இதற்குத்தான் இரண்டு நிமிடம் என்றேன். லினக்ஸ் சர்வரில் டிஸ்க்கில் இடமில்லாமல் எழுத்து நின்றால், ஜாபின் லாகில் பொதுவாக இந்த வரி பதிவாகும்:

```
No space left on device
```

அந்த வரி இருக்கிறதா என்று தேடச் சொன்னால் போதும். இருக்கிறது என்று பதில் வந்தால் 'இருக்கும்' என்ற ஊகம் உறுதியான செய்தியாகிவிடுகிறது. இல்லையென்றால், அதுவரை எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காரணம் தவறு. அதை அனுப்பும் முன்பே தெரிந்துகொண்டது பெரிய லாபம்.

ரீரன் எத்தனை மணிக்குத் தொடங்கியது? காலை 6.25. முதலிலிருந்து ஓடுகிறதா, நின்ற இடத்திலிருந்தா? இந்தக் கேள்விக்கு நம் நண்பரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் 'டூப்ளிகேட் வராதுன்னு நினைக்கிறேன்' என்றார். ஜாப் முதலிலிருந்து ஓடினால், ஏற்கெனவே ஏறிய 2,12,418 இன்வாய்ஸும் மறுபடி ஏறி, ஒரே பில் இரண்டு முறை கணக்கில் வரலாம். இரட்டைப் பதிவைத் தடுக்கும் ஏற்பாடு டேட்டாபேஸில் இருந்தால் வராது. அதைத்தான் 'அண்ணா' பார்க்கப்போகிறார். எப்போது சொல்வார்? ஒன்பது மணிக்குள். ஆக, இது இன்னும் திறந்திருக்கும் கேள்வி. 'நினைக்கிறேன்' என்பதை 'நோ டூப்ளிகேட்ஸ்' என்று முடித்து எழுதும் ஆசை வரும், நல்ல செய்தியாகச் சொல்ல எல்லாருக்கும் விருப்பம் இருக்கும். மேலிடம் கோபித்துக்கொள்ளும் என்ற பயமும் இருக்கும். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று, எப்போது தெரியவரும் என்ற நேரத்தோடு எழுதுவதுதான் எதிரே இருப்பவருக்கு உதவும். அவர் அதை வைத்துத் தன் வேலையைத் திட்டமிட முடியும்.

கடைசியாக 'மத்தியானம்'. யாருடைய மத்தியானம்? இந்திய நேரம் உலகப் பொதுநேரமான UTC-க்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. போலந்து கோடையில் இரண்டு மணி முன்னால், குளிர்காலத்தில் ஒரு மணி முன்னால். ஆகவே நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை. பிரேசிலின் சாவோ பாலோ எட்டரை மணி பின்னால். சென்னையில் மதியம் 12.30 என்றால் கோடையில் வார்ஸாவில் காலை ஒன்பது. 'பை ஆஃப்டர்நூன்' என்று மட்டும் எழுதினால், வார்ஸாக்காரர் தன் மத்தியானம் வரை, மூன்று மணி நேரத்துக்கு மேல், கைகட்டி உட்கார்ந்திருப்பார். IST என்று எழுதுவதும் போதாது. அயர்லாந்தும் இஸ்ரேலும் தங்கள் நேரத்துக்கு அதே மூன்று எழுத்தைப் பயன்படுத்துகின்றன. UTC நேரமும், செயல்பட வேண்டியவரின் உள்ளூர் நேரமும் சேர்ந்து இருந்தால் குழப்பமில்லை. தேதியிலும் இதே கவனம் வேண்டும். 04/05 என்பது நமக்கு மே 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 5. மாதத்தை எழுத்தில் எழுதினால் தீர்ந்துவிடும்.

கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. இப்போது வரிசை. சாட்டில் நடந்தது நடந்தபடி வந்தது: முதலில் ஜாப் நின்றது, பிறகு காரணம், பிறகு வேலை, போலந்துக்குச் சொல்வது கடைசிக்கு முந்தைய வரியில். படிக்கிறவருக்கு அது தலைகீழ். வார்ஸாவில் ஒருவர் காலை எட்டு மணிக்கு ரிப்போர்ட் பட்டனை அழுத்தப்போகிறார். அவருக்கு முதல் வரியிலேயே 'அழுத்தாதீர்கள்' என்று தெரிய வேண்டும், காரணத்தை அப்புறம் நிதானமாகப் படிப்பார். அதனால் வேண்டுகோள் முதலில், நடந்தது அடுத்து, காரணம், செய்தது, திறந்திருக்கும் கேள்வி என்று அடுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து இப்படி வரும்:

```
Subject: Invoice load incomplete - please hold
the morning report

Please do not run the invoice report until we
confirm. We expect to confirm by 07:00 UTC
(09:00 Warsaw).

Last night's load stopped after 212,418 of
340,000 invoices. No invoice data is lost.
Cause: the server disk was full (confirmed in log).
Done: the on-call engineer removed old log files
and restarted the load at 00:55 UTC.
Open: we are checking whether the restart created
duplicates. We will report the result by 03:30 UTC.
```

இதில் ஒரு கடினமான சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். முறையான ஆங்கிலம் என்றால் கனமான ஆங்கிலம் என்று நம் பள்ளிக்கூடங்கள் பழக்கிவைத்திருக்கின்றன. 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்பது பழைய அரசு அலுவலகக் கடித மரபின் மிச்சம். மரியாதையாகத்தான் இருக்கிறது, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. விமானத் துறை இந்தப் பிரச்சினையை வெகு முன்பே சந்தித்தது. பல நாட்டு மெக்கானிக்குகள் ஒரே பராமரிப்புக் கையேட்டைப் படித்துத் தவறில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, 1980களில் ஐரோப்பிய விமான உற்பத்தியாளர்கள் எளிமைப்படுத்திய தொழில்நுட்ப ஆங்கிலம் ஒன்றை வகுத்தார்கள். செய்முறையைச் சொல்லும் வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, விளக்கம் சொல்லும் வாக்கியம் 25-ஐத் தாண்டக் கூடாது, கூடிய மட்டும் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்பவை அதன் விதிகளில் சில. மேலே உள்ள மெயிலை எண்ணிப் பாருங்கள், அந்த அளவுக்குள்தான் நிற்கிறது.

ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்ற விதி நம் ஊர் ஆங்கிலத்துக்கு மிகவும் தேவை. அதில் நான் எப்போதும் பயப்படுவது 'ரிவர்ட்' என்ற சொல்லுக்கு. 'பாத்துட்டு பதில் சொல்லுங்க' என்பதை நாம் 'ப்ளீஸ் செக் அண்ட் ரிவர்ட்' என்று எழுதுகிறோம். இந்தியாவுக்கு வெளியே பெரும்பாலானவர்களுக்கு, அதிலும் சாஃப்ட்வேர்காரர்களுக்கு, ரிவர்ட் என்றால் செய்த மாற்றத்தை ரத்து செய்வது. கோடு வைத்திருக்கும் கிட் என்ற கருவியிலேயே அதற்கென்று ஒரு கட்டளை உண்டு:

```
git revert
```

ஒரு கோடு மாற்றத்தைப் பற்றிய மெயிலில் 'இந்த மாற்றத்தைப் பார்த்து ரிவர்ட் செய்யவும்' என்று எழுதினால், எதிரே இருப்பவர் பதில் எழுதாமல் அந்த மாற்றத்தையே நீக்கிவிட்டுப் போக முழு நியாயம் உண்டு. 'டவுட்' அடுத்தது. 'உங்க டிசைன்ல ஒரு டவுட்' என்றால் நமக்கு விளக்கம் கேட்பது. அவர்களுக்கு அது நம்பிக்கையின்மை, டிசைன் சரியில்லை என்கிற குற்றச்சாட்டு. 'கொஸ்டின்' என்று மாற்றினால் போதும். இந்தச் சொற்களில் உள்ள ஆபத்து, இவை தங்கிலீஷாகத் தெரியாமல் சுத்தமான ஆங்கிலமாகவே நம் கண்ணுக்குப் படுவதுதான். தமிழ்ச் சொல்லைக் கண்டால் கை தானாக மாற்றிவிடும், இவற்றைக் கண்டால் தாண்டிப் போய்விடும்.

தொனியைப் பற்றிக் கொஞ்சம். சாட்டில் 'கிளையன்ட் காதுல ரத்தம் வர்ற மாதிரி கத்துறான் ஜி' என்று வந்தால், ஆங்கிலத்தில் அதை முழுக்க வடிகட்டி 'கிளையன்ட் கருத்துத் தெரிவித்தார்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மரியாதை போலத் தெரிந்தாலும் செய்தியைக் கெடுத்துவிடுகிறது. கோபம் இங்கே ஒரு தகவல், அவசரத்தின் அளவு அதில் இருக்கிறது. கத்தலை விட்டுவிட்டு அளவை வைத்துக்கொள்ள வேண்டும்: இன்று காலை இரண்டு முறை அழைத்தார், பத்து மணிக்குள் பதில் வராவிட்டால் மேலிடத்துக்கு எடுத்துச் செல்வதாகச் சொன்னார். எத்தனை முறை, என்ன சொன்னார் என்பதைச் சாட்டில் கேட்டால் கிடைத்துவிடும். அதே நேரம், நண்பர்களுக்குள் வந்த புலம்பலையும் மூன்றாம் ஆளைப் பற்றிய கிண்டலையும் ஆங்கிலத்தில் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை. அது நம்பிச் சொன்னது.

'போன மாசமும் இதே கதைதான்' என்ற வரி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. புலம்பல் மாதிரி ஒலித்தாலும் அது முக்கியமான செய்தி: ஒரே காரணத்தால் ஜாப் இரண்டாவது முறை நின்றிருக்கிறது. காலை மெயிலில் நான் அதைப் போடவில்லை. அந்த மெயிலின் வேலை ரிப்போர்ட்டை நிறுத்துவது, அதற்கு இந்த வரி தேவையில்லை. ஆனால் பிறகு எழுதும் சம்பவ அறிக்கையில் அது கட்டாயம் வர வேண்டும், போன மாதத்து டிக்கெட் எண்ணோடு. விட்டுவிட்டால், தற்செயலாக நடந்ததாக எல்லாரும் நினைத்து மறந்துவிடுவார்கள், அடுத்த மாதமும் ஜாப் நிற்கும். அணித் தலைவருக்கு அதைப் போட மனம் வராது, அணியின் குறை வெளியே தெரியும் என்று யோசிப்பார். பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டிய இடம் அது. மெயில் எழுதுகிறவர் தானே முடிவெடுத்து வெட்டிவிடக் கூடாது.

எழுதியது சரியா என்று பார்க்க நான் நம்பும் வழி, ஆங்கிலத்தை மறுபடி தமிழில் சொல்லிக் காட்டுவது. சாட்டில் முதலில் செய்தி சொன்னவரிடம் மெயிலைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும்: "ரிப்போர்ட் எடுக்காதீங்கன்னு முதல்ல சொல்லியிருக்கேன். 2,12,418 ஏறிடுச்சு, எதுவும் தொலையலன்னு சொல்லியிருக்கேன். நைட் ஆளு லாக் ஃபைலை நீக்கினாருன்னு போட்டிருக்கேன். இதானே?" தவறு இருந்தால் அந்த நொடியே, "ஐயோ, லாக் ஃபைல் மட்டும் இல்ல, பழைய பேக்கப்பும் கொஞ்சம் நீக்கினோம்" என்று வெளியே வந்துவிடும். ஆங்கிலத்தில் காட்டி "ஓகேவா?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "சரி" என்பார்கள். நம் 'சரி'க்கு, கேட்டுக்கொண்டேன் என்ற பொருள்தான் பெரும்பாலும் உண்டு, ஒப்புக்கொண்டேன் என்ற பொருள் எல்லா நேரத்திலும் இருப்பதில்லை.

அவகாசம் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். அந்த சாட்டில் இல்லாத, அந்த சர்வரைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு சக ஊழியரிடம் மெயிலைக் கொடுத்து, "நீங்க வார்ஸாவில் இருந்தா இப்ப என்ன செய்வீங்க, எத்தனை மணி வரைக்கும்?" என்று கேட்க வேண்டும். "ஒன்பது மணி வரை ரிப்போர்ட் எடுக்காம காத்திருப்பேன்" என்று சட்டென்று வந்தால் மெயில் தயார். "யாரையாவது கேட்டுப் பார்ப்பேன்" என்று வந்தால், எதைக் கேட்பார் என்று விசாரித்து அதை மெயிலிலேயே எழுதிவிட வேண்டும். கேள்விகளோடு பதில் வந்தால் நேரம் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். வார்ஸாக்காரர் எட்டு மணிக்குக் கேள்வி அனுப்பும்போது சென்னையில் பதினொன்றரை, விவரம் தெரிந்த இரவு ஷிஃப்ட் ஆள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஒன்பது மணிக்குள் சொல்வதாக எழுதிய டூப்ளிகேட் விஷயம் பாக்கி இருக்கிறது. அண்ணா பார்த்துவிட்டு எட்டே முக்காலுக்குச் சாட்டில், "ஒண்ணும் இல்லப்பா, க்ளீன். நின்ன எடத்துல இருந்துதான் ஓடுது" என்று போடுகிறார். இதற்கும் அதே வேலை. 'ஒண்ணும் இல்ல' என்பது பிரச்சினை இல்லை என்றா, டேட்டா ஒன்றும் இல்லை என்றா? 'க்ளீன்' என்றால் எதைச் சோதித்துச் சொல்கிறார்? கேட்டால், ஏறிய இன்வாய்ஸ் எண்களில் ஏதாவது இரண்டு முறை வந்திருக்கிறதா என்று தேடினேன், ஒன்றுகூட இல்லை என்கிறார். அதை அப்படியே, சோதித்த முறையும் முடிவும் நேரமுமாக, பழைய மெயிலுக்குப் பதிலாக அனுப்ப வேண்டும். 'மார்னிங் ரிப்போர்ட்டை இன்னும் நிறுத்தியே வையுங்கள், லோடு ஓடிக்கொண்டிருக்கிறது' என்ற வரியை மறக்காமல் சேர்க்க வேண்டும். டூப்ளிகேட் இல்லை என்ற நல்ல செய்தியைப் படித்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஒருவர் பட்டனை அழுத்திவிடுவார். லோடு முடிந்து, 340,000 என்ற மொத்தம் தேறியதைப் பார்த்த பிறகுதான், ரிப்போர்ட் எடுக்கலாம் என்ற மூன்றாவது மெயில் போக வேண்டும்.